இரண்டாம் பக்கத்தில் தலைப்பு எங்கே?

300 மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தயாரித்து அச்செடுக்கிறார் ஒரு பள்ளி எழுத்தர். முதல் பக்கத்தில் பெயர், தமிழ், கணிதம் என்ற தலைப்பு வரிசை இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து வெறும் எண்கள்தான்; எது எந்தப் பாடம் என்று தெரியவில்லை. வழிகாட்டியைத் திறக்கிறார்.

அச்சுப் பிரச்சினை என்பதால் File மெனு பற்றிய அத்தியாயத்துக்குப் போவார். அங்கே விடை இல்லை. மேலே வரவேண்டிய தலைப்புதானே என்று Headers and Footers பகுதியைப் பார்ப்பார். அது ஒவ்வொரு பக்கத்தின் மேல், கீழ் ஓரங்களில் பள்ளிப் பெயரையோ பக்க எண்ணையோ போடும் வசதி. அவருக்கு வேண்டிய வரிசை அதில் வராது. விடை இருப்பது Format மெனுவில், Print Ranges என்ற பெயருக்குக் கீழே. புத்தகத்தில் விடை இருந்தும், அந்தப் பெயர் முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அது அகப்படும்.

மென்பொருள் வழிகாட்டிகள் பலவும் இப்படி மெனு வரிசையிலேயே எழுதப்படுகின்றன. எழுதுபவருக்கு அது சுலபம். திரையைப் பார்த்துக்கொண்டே இடமிருந்து வலமாக எழுதிப் போகலாம், எதுவும் விட்டுப்போகாது. ஆனால் படிப்பவர் ஒரு வேலையை முடிக்க வந்தவர். 1980களில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரலும் அவருடைய சகாக்களும் சொற்செயலி பழகும் அலுவலகப் பணியாளர்களை அருகிலிருந்து கவனித்தார்கள். பயிற்சி நூலை வரிசையாகப் படிக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. தங்கள் வேலைக்கு நேராகப் பாய்ந்தார்கள். அதற்கேற்ப வேலைகளைச் சுற்றி எழுதப்பட்ட மெலிந்த கையேட்டை வைத்துப் பழகியவர்கள் விரைவாகக் கற்றார்கள்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, தலைப்புகளைப் பயனர் கேட்கும் கேள்வியின் சொற்களிலேயே வைப்பது. 'Print Ranges வசதி' என்பது வசதியின் பெயர். 'தலைப்பு வரிசையை எல்லாப் பக்கங்களிலும் அச்சிட' என்பது வேலையின் பெயர். உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளைக் குறித்துவைக்கும் பழக்கம் அலுவலகத்தில் இருந்தால், உள்ளடக்கப் பட்டியலில் பாதி அங்கேயே தயாராக இருக்கும்.

அடுத்தது படிகள். எழுத்தரின் வேலையை இப்படி எழுதலாம்:

தலைப்பு வரிசையை எல்லாப் பக்கங்களிலும் அச்சிட
தொடங்கும் முன்: தலைப்புகள் தாளின் முதல் வரிசையில் இருக்க வேண்டும்.
1. Format மெனுவில் Print Ranges > Edit என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு சிறு சாளரம் திறக்கும்.
2. அதில் Rows to Repeat பகுதியில் உள்ள பெட்டியில் `$1` என்று தட்டச்சு செய்யுங்கள்.
3. அதே சாளரத்தில் OK பொத்தானைக் கிளிக் செய்யுங்கள்.
சரிபார்க்க: File மெனுவில் Print Preview என்பதைக் கிளிக் செய்து, இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். மேலே தலைப்பு வரிசை தெரிய வேண்டும்.

ஒவ்வொரு படியும் எங்கே என்பதில் தொடங்கி, என்ன செய்வது என்பதில் முடிகிறது. திரையில் ஏதாவது புதிதாகத் தோன்றினால் அதையும் அந்தப் படியே சொல்கிறது. இடத்தைப் பின்னால் தள்ளி, "`$1` என்று தட்டச்சு செய்யுங்கள், Rows to Repeat பெட்டியில்" என்று எழுதினால், அவசரக்காரர் வேறு பெட்டியில் தட்டியிருப்பார். நிபந்தனைக்கும் இதே விதிதான். தலைப்பு இரண்டு வரிசைகளில் இருந்தால் `$1:$2` என்று இடவேண்டும்; இதைப் படி 2க்கு உள்ளேயே சொல்லவேண்டும், கடைசிக் குறிப்பாக அல்ல.

இந்த அமைப்பு நூல் முழுவதும் மாறக்கூடாது. ஒரு பக்கத்தில் 'கிளிக் செய்யுங்கள்', அடுத்த பக்கத்தில் 'சொடுக்கவும்', இன்னொன்றில் 'அழுத்தவும்' என்று எழுதினால் நடை அழகாகத் தோன்றலாம். மூன்றும் வேறுவேறு செயலோ என்று புதியவர் தயங்குவார். வழிகாட்டியில் சலிப்பூட்டும் ஒரே மாதிரித்தன்மை நல்லது. பத்தாவது வேலைக்கு வரும்போது அவர் கண் தானாகவே வேண்டிய இடத்தில் போய் நிற்கும்.

'சரிபார்க்க' வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தவறு நடந்தது தெரிய காகிதம் வீணாக வேண்டும்.

வசதிகளின் பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. Print Ranges சாளரத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் என்ன செய்யும் என்று தேடி வருபவரும் உண்டு. அவருக்கு மெனு வரிசையே வசதி. அதை நூலின் பின்பகுதியில் வைத்தால் போதும். படம் வரையும் மென்பொருள் போன்றவற்றில் எல்லாவற்றையும் படிகளாக அடுக்கவும் முடியாது. அங்கே சில கருத்துகளை முதலில் விளக்கித்தான் ஆகவேண்டும்.

எழுதி முடித்ததும், அந்த மென்பொருளை அறியாத ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாய்திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்தப் படியில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்தப் படியைத் திருத்துங்கள்.