பணம் வாங்கும் ஸ்பிரெட், பணம் கொடுக்கும் ஸ்பிரெட்

நிஃப்டி 25,000இல் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஏறும் என்று நம்புகிறவர் 25,000 காலை 180 ரூபாய்க்கு வாங்கி, 25,200 காலை 95க்கு விற்கிறார். கையிலிருந்து போனது 85. இது டெபிட் ஸ்பிரெட். நிஃப்டி 25,085ஐத் தாண்டினால்தான் லாபம். 25,200ஐ எட்டினால் 115 ரூபாய். இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால் போட்டது முழுவதும் போச்சு.

இன்னொருவருக்கு அவ்வளவு உறுதியில்லை. ‘பெரிதாக ஏறாவிட்டாலும் விழாது’ என்பதே அவர் கணிப்பு. 24,700 புட்டை 75க்கு விற்று, பாதுகாப்புக்கு 24,500 புட்டை 40க்கு வாங்குகிறார். 35 ரூபாய் கைக்கு வருகிறது. இது கிரெடிட் ஸ்பிரெட். நிஃப்டி ஏறலாம், அசையாமல் நிற்கலாம், 300 புள்ளி வரை இறங்கவும் செய்யலாம். அந்த 35 அவருக்கே. ஆனால் 24,500க்குக் கீழே முடிந்தால் 165 நஷ்டம். ஒரு தோல்வி ஏறக்குறைய ஐந்து வெற்றிகளைத் தின்றுவிடும்.

பணம் முதலிலேயே கைக்கு வருவதால் கிரெடிட்தான் கெட்டிக்காரத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலாமவர் எடுத்த அதே 25,000, 25,200 ஸ்ட்ரைக்குகளில் புட் ஸ்பிரெட் விற்றால் சுமார் 115 ரூபாய் வரும், அதிகபட்ச நஷ்டம் 85. லாப நஷ்டக் கணக்கு ஏறத்தாழ அதேதான். ஆக, வித்தியாசம் எந்த ஸ்ட்ரைக்கில் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இந்தியா விக்ஸ் உதவுகிறது. அடுத்த 30 நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் எதிர்பார்க்கின்றன என்பதை அது காட்டும். விக்ஸ் உயர்ந்தால் தொலைவிலுள்ள புட்டுகளும் விலையேறும். அப்போது அதே 35 ரூபாயை இன்னும் கீழே, 24,500க்கும் கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளை விற்றே வாங்கலாம். விக்ஸ் தாழ்ந்திருந்தால் தொலைவில் விற்பதற்குச் சில்லறைதான் கிடைக்கும். திசையில் உறுதியும் இருந்தால் அப்போது டெபிட்டே மேல். ஸ்பிரெட்டில் ஒன்றை வாங்கி ஒன்றை விற்பதால் விக்ஸின் பாதிப்பு பெருமளவு தட்டிக்கழிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. திசை பற்றிய கணிப்பே முதலில். விக்ஸ் அதற்கு அடுத்துத்தான்.

விக்ஸ் உயரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விற்றால் என்ன ஆகும்? 2024 மக்களவைத் தேர்தல் முடிவுக்கு முன்பே பிரீமியங்கள் கொழுத்திருந்தன. ஜூன் 4 அன்று நிஃப்டி சுமார் 1,380 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. சில நூறு புள்ளி கீழே புட் ஸ்பிரெட் விற்றிருந்தவர்களுக்கு அந்த ஒரே நாளில் நஷ்டம் ஏறத்தாழ உச்சத்தைத் தொட்டிருக்கும். வாங்கி வைத்த புட் மட்டுமே அதற்கு மேல் போகாமல் தடுத்திருக்கும்.

கிரெடிட் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் முன், நஷ்டத்தை அந்தக் கிரெடிட்டால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன ஸ்பிரெட்டில், ஆறு முறையில் ஐந்து முறை ஜெயித்தால்தான் முதலுக்கு மோசமில்லை. தரகுக் கட்டணமும் வரியும் தனி.