நாலு தாள், ஐந்து பேர், ஒரு காலி கேன்

எங்கள் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுபவர் தனக்கு ஒரு ஆப் வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் டிசைன் இன்டர்னாகச் சேர்ந்து இரண்டாவது வாரம். அவசரமாக லேப்டாப்பைத் திறந்து, நீல நிறத்தில் ஒரு முகப்பு வரையத் தொடங்கினேன். சீனியர் அக்கா அதை மூடச் சொல்லிவிட்டு, நாலு ஏ4 தாளையும் ஒரு கறுப்பு மார்க்கரையும் என் முன்னால் வைத்தார்.

"கலர் வேண்டாம், அழகு வேண்டாம். வயர்ஃப்ரேம் மட்டும் போடு. சாயங்காலத்துக்குள்ள அஞ்சு பேர்கிட்ட காட்டணும்."

வீடு கட்டும் முன் கொத்தனார் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுவாரே, வயர்ஃப்ரேமும் அந்த மாதிரிதான். எந்த ஸ்கிரீனில் என்ன இருக்கும், எதை அழுத்தினால் எங்கே போகும் என்பது மட்டும் அதில் தெரிந்தால் போதும். பட்டன் வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம், படம் வர வேண்டிய இடத்தில் குறுக்குக்கோடு போட்ட பெட்டி. கோணலாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. வழவழப்பாக முடித்த படத்தைக் காட்டினால் பார்ப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசுவார், அல்லது இவ்வளவு உழைத்திருக்கிறாளே என்று குறை சொல்லத் தயங்குவார். பேனாக் கிறுக்கலிடம் அந்தத் தயக்கம் வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கிறுக்கல் கூடாது. எழுத்து வரும் இடங்களில் நெளிகோடு இழுத்துவைப்பது பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் இழுத்தேன். அக்கா ஒவ்வொன்றிலும் உண்மையான சொற்களை எழுத வைத்தார். ஆள் தடுக்கி விழுவது பெரும்பாலும் சொற்களில்தான் என்பது மாலையில் எனக்குப் புரிந்தது.

நாலு ஸ்கிரீன் வரைந்தேன். முதலாவதில் கேன் படமும் 'ஆர்டர் செய்' பட்டனும். இரண்டாவதில் 'கேன்: 1', 'காலி கேன்: 0' என்று இரண்டு வரிகள், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறிகள். மூன்றாவதில் முகவரியும் நேரமும். நாலாவதில் மொத்தத் தொகை, 'உறுதி செய்'.

ஐந்து பேரை அலுவலகத்துக்குள் தேடக்கூடாது என்றார் அக்கா. வீட்டுக்குக் கேன் வாங்குபவர்கள்தான் வேண்டும். தெருவில் இறங்கினோம். அவர்களிடம் சொல்ல வேண்டிய வேலையையும் எழுதிக்கொண்டோம். "காலி கேன் எண்ணிக்கையை மாற்றி ஆர்டர் செய்யுங்கள்" என்று நான் எழுதியிருந்ததை அக்கா அடித்துவிட்டார். ஸ்கிரீனில் உள்ள சொல்லையே கேள்வியில் வைத்தால் வழியை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. கடைசியில் இப்படி ஆனது: "வீட்டில் தண்ணீர் தீரப்போகிறது. தீர்ந்த இரண்டு கேன் வாசலில் கிடக்கிறது. நாளைக் காலை இரண்டு கேன் வரவழைக்க வேண்டும்." அவர் தாளில் விரலை வைப்பார், அடுத்த தாளை நான் எடுத்துவைப்பேன், அக்கா ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். படிப்பதையும் நினைப்பதையும் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். சோதனை உங்களுக்கில்லை, இந்தத் தாளுக்குத்தான் என்பதையும் முதலிலேயே சொன்னோம்.

முதலில் தையல் கடை அக்கா. இரண்டாவது தாளில் விரல் நின்றது. "காலி கேன்னா, அவங்க குடுக்கறதா, நாம குடுக்கறதா?" நான் உடனே விளக்கிவிட்டேன். அவர் மளமளவென்று முடித்துவிட்டார். வெளியே வந்ததும் சீனியர், "நீ வாயைத் திறந்ததும் டெஸ்ட் முடிஞ்சுபோச்சு" என்றார். ஆப் கையில் இருக்கும்போது பக்கத்தில் நின்று விளக்க நான் இருக்கப்போவதில்லை. இப்படிக் கேட்டால் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கேன் வரியில் 2 போட்டார், காலி கேன் வரியைத் தாண்டிப் போய்விட்டார். கேன் விலை 35 ரூபாய், 70 வர வேண்டும். காலி கேன் எதுவும் தரவில்லை என்று கணக்காகி, கேனுக்கு 150 வீதம் டெபாசிட் சேர்ந்து 370 என்று காட்டினேன். "தப்பா இருக்கே. நான் போனே பண்ணிக்கறேன்" என்று தாளைத் தள்ளிவைத்தார். இந்த முறை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

மூன்றாவதாக வந்த கல்லூரி மாணவி சரியாக முடித்தாள். ஆனால் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்று எங்கே எழுதுவது என்று தேடினாள். நான்காமவர் ஆசிரியர் செய்ததையே செய்தார். ஐந்தாமவர் முதல் தாளிலேயே பட்டனை விட்டுவிட்டுக் கேன் படத்தை இரண்டு தரம் அழுத்தினார்.

முடிவில் ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 300 ரூபாய் கூடுதலாகக் காட்டியதால் பாதியில் விட்டவர் உட்பட எல்லோரும் "நல்லா இருக்கும்மா" என்றார்கள். அந்த வரிகளைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டோம். விரல் எங்கே போனது, எங்கே நின்றது என்பது மட்டும் தாளில் மிஞ்சியது. ஐந்து பேரில் மூவர் ஒரே இடத்தில் இடறியிருந்தார்கள்.

ஏன் ஐந்து? டென்மார்க்கில் பிறந்த யாக்கப் நீல்சன் என்பவர், டாமஸ் லாண்டவருடன் சேர்ந்து 1993இல் செய்த ஆய்வை வைத்து, 2000இல் பரப்பிய கணக்கு இது. அவர்கள் பார்த்த சோதனைகளில் ஒருவர் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளை வெளிக்கொணர்ந்தார். இரண்டாமவர் அவற்றில் சிலவற்றையே மறுபடி காட்டி, புதிதாகக் கொஞ்சம் சேர்ப்பார். இப்படியே போனால் ஐந்தாமவரோடு ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொருவரும் பழையதையே அதிகம் காட்டுவார்கள். பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே நாளில் காட்டிவிடாமல், ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் திருத்திக்கொள்ளச் சொன்னார் நீல்சன்.

இந்த 31 எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் இல்லை. பத்தில் ஒருவரை மட்டும் இடறவைக்கும் கோளாறு ஐந்து பேரில் ஒருவரிடமாவது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பணம், மருந்து சம்பந்தப்பட்ட ஸ்கிரீனில் இதை நம்பி நிறுத்திவிடக்கூடாது. ஐந்தில் மூவர் என்பதை வைத்து 60 சதவீத மக்கள் குழம்புகிறார்கள் என்று அறிக்கை எழுதுவதும் தவறு. கோளாறு இருக்கிறது என்பதைத்தான் ஐந்து பேர் காட்டுவார்கள், ஊரில் எத்தனை பேருக்கு என்பதைக் காட்ட மாட்டார்கள். கேன் தூக்கி வரும் தம்பிக்கு வேறு ஸ்கிரீன் இருந்தால், அதற்கு அவரைப் போன்ற ஐந்து பேர் தனியாக வேண்டும். வெயிலில் எழுத்து தெரிகிறதா, பெருவிரலுக்குப் பட்டன் போதுமா என்பதெல்லாம் தாளில் தெரியாது.

அன்று இரவே இரண்டாவது தாளைக் கிழித்துவிட்டு வேறு வரைந்தேன், அரை மணி நேரம் ஆனது. 'எத்தனை கேன் வேண்டும்?' கீழே 'எத்தனை காலி கேன் திருப்பித் தருவீர்கள்?' மேலே 2 போட்டால் கீழேயும் தானாக 2 வரும், குறைத்தால் மட்டும் 'முன்பணம் 150' என்று ஒரு வரி தோன்றும். கேன் படத்தையும் அழுத்தும்படி செய்தேன். முகவரிக்குக் கீழே மாடி எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டேன்.

மறுநாள் வேறு ஐந்து பேர். காலி கேனில் யாரும் நிற்கவில்லை. ஆனால் இருவர் 'முன்பணம்' என்பதைத் தண்ணீருக்கு முன்கூட்டியே கட்டும் பணம் என்று எடுத்துக்கொண்டார்கள். 'டெபாசிட், கேனைத் திருப்பித் தந்தால் பணம் திரும்ப வரும்' என்று மாற்றி எழுதினோம்.

உங்களிடமும் யாராவது ஒரு இளம்பெண்ணோ பையனோ இப்படி நாலு தாளோடு வந்து பத்து நிமிடம் கேட்கலாம். தயவுசெய்து நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். புரியாத இடத்தில் விரலை நிறுத்தி, புரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள்.