பத்து வாரத் தாமதம் எங்கே போனது?

லண்டனின் எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறக்கப்பட வேண்டியது. 2022 மே 24 அன்றுதான் திறந்தார்கள். அன்றும் அந்தப் பாதைக்கான பாண்ட் ஸ்ட்ரீட் நிலையம் தயாராகவில்லை. ரயில்கள் அங்கே நிற்காமல் போயின. அக்டோபர் 24 அன்றுதான் அது பயணிகளுக்குத் திறந்தது. இத்தகைய பெருந்திட்டங்கள் முடியும்போது, அடுத்து வருபவர்களுக்காக ‘கற்ற பாடங்கள்’ அறிக்கை எழுதும் வழக்கம் உண்டு. அதில் ஏன் தாமதம் என்று எழுதுவதைவிட, எந்தத் தாமதம் யாரைத் தாமதப்படுத்தியது என்று காட்டுவதே கடினம்.

ஒரு நிலையத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலில் சாலைக்கு அடியிலுள்ள குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு நிலையத்தைச் சுற்றி ஆழமான கான்கிரீட் சுவர். அதற்குள் மண்ணைத் தோண்டி, அடியில் தளம். அந்தத் தளம் முடிந்தால்தான் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை நிலையத்துக்குள் இழுத்துக் கடத்த முடியும்.

வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய கழிவுநீர்க் குழாய் சுவரின் பாதையில் குறுக்கிடுகிறது. பத்து வாரம் போய்விடுகிறது. அவசரமாக எழுதிய அறிக்கை ‘குழாயால் திட்டம் பத்து வாரம் தாமதம்’ என்று முடித்துவிடும். ஆனால் இயந்திரம் வருவதற்கு ஆறு வாரம் முன்பே அடித்தளத்தை முடிப்பதாகத்தான் திட்டம் இருந்தது. அந்த இடைவெளி ஆறு வாரத்தை விழுங்கிவிட, மிஞ்சுவது நான்கு. இயந்திரமோ வேறு காரணத்தால் ஐந்து வாரம் பிந்தி வருகிறது. ஆக, தளம் அதற்கு ஒரு வாரம் முன்பே தயார். குழாய் நிலையத்தின் மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டது உண்மை. சுரங்கத்தை ஒரு நாள்கூடக் காக்க வைக்கவில்லை.

மாதாமாதம் திருத்திய கால அட்டவணையின் பழைய பதிப்புகளும் பணியிடத்தின் நாட்குறிப்புகளும் பத்திரமாக இருந்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். கடைசி மாதத்தில் நினைவிலிருந்து எழுதினால், சத்தமாகப் பேசப்பட்ட தாமதமே பெரிய தாமதமாகிவிடும்.

எலிசபெத் பாதையில் முதன்மைக் கட்டுமான ஒப்பந்தங்கள் மட்டும் 36. ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கம். அத்தனையையும் இணைத்துக் கண்காணிக்கப் போதிய விரிவான திட்டம் இல்லை என்பதுதான் 2019இல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்ன குறைகளில் ஒன்று.

அறிக்கையை எழுதுபவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. திட்டம் முடியும் வேளையில் இறுதிப் பில் பற்றிய தகராறு பெரும்பாலும் ஓய்ந்திருக்காது. எழுதும் ஒவ்வொரு வரியும் நாளை நடுவர் முன் சாட்சியாகலாம். அதனால்தான் ‘ஒருங்கிணைப்பை மேம்படுத்த வேண்டும்’ என்ற வழவழப்பான வரிகள் வருகின்றன. அவற்றால் யாருக்கும் பயனில்லை. மேற்சொன்ன நிலையத்துக்கான பாடம் இப்படி இருக்க வேண்டும்: ஒப்பந்தம் தருவதற்கு முன்பே, சுவர் வரப்போகும் கோட்டில் கையால் சோதனைக் குழிகள் தோண்டிப் பார்; கண்ட குழாய்களின் ஆழத்தை வரைபடத்தில் ஏற்று; அந்த வேலைக்கான நாட்களைச் சாலையை அடைக்கும் அனுமதியிலேயே சேர்த்துக் கேள்.