பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேருங்கள்: ஆசிரியர் வேலையும் பாட விதிகளும்

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். "பொண்ணு ஏதாவது ஒரு டிகிரி முடிக்கட்டும், பிறகு பி.எட். போட்டு டீச்சராக்கிடலாம்" என்பார் வாப்பா. பக்கத்தில் இருக்கும் மகளிர் கல்லூரி, போய்வர பஸ் வசதி, கட்டணம் இவற்றையெல்லாம் விசாரிப்போம். எந்தப் பட்டம் என்பது மட்டும், அன்று எந்தப் பிரிவில் இடம் காலியாக இருந்ததோ அதன்படி முடிவாகிவிடும்.

இந்த "ஏதாவது ஒரு டிகிரி" என்ற சொல்தான் பின்னால் பிரச்சினையாகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம் போதாது. எந்தப் பாடத்தில் பட்டம், அந்தப் பட்டத்தின் பெயர் என்ன, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று மூன்றையும் பார்ப்பார்கள். அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் பணி நியமனத்துக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால், பாடத் தகுதி அங்கும் பார்க்கப்படும். இந்த விதிகளை எப்போது தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் பிள்ளைகளின் ஆறேழு ஆண்டு உழைப்பு இருக்கிறது.

எந்தப் பாடங்களுக்கு இடம் உண்டு?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளுக்கு நடத்துபவர் முதுகலை ஆசிரியர். இரண்டு பணிகளுக்கும் ஆட்களைத் தேர்வு செய்வது ஆசிரியர் தேர்வு வாரியம்தான். ஆனால் தகுதி விதிகள் வேறு வேறு.

பட்டதாரி ஆசிரியர் பணிக்கு 2023-ல் வாரியம் வெளியிட்ட அறிவிப்பில் இருந்த பாடங்கள் இவை: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். வணிகவியலும் பொருளியலும் கணினி அறிவியலும் இந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்பு வரை வணிகவியலும் பொருளியலும் தனிப் பாடமாக இல்லை என்பதே காரணம்.

நம் பிள்ளைகளில் பலர் சேருவது பி.காம்., அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல். இரண்டுமே நல்ல படிப்புகள். வங்கி, கணக்கு, மென்பொருள், சொந்தத் தொழில் என்று போவதற்கு அவை பொருத்தமானவை. ஆனால் ஆசிரியர் வேலையை மனதில் வைத்து அவற்றில் சேர்ப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிளஸ் 2-வில் வணிகவியல் பிரிவு படித்த ஒரு மகளை எடுத்துக்கொள்வோம். அவர் பி.காம். சேர்ந்தால் அதற்கு 3 ஆண்டு. வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களில் இளங்கலை மட்டும் முடித்தவருக்குத் தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கை கிடையாது, முதுகலையும் வேண்டும். ஆகவே எம்.காம். 2 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு. மொத்தம் 7 ஆண்டு. அதன் பிறகு அவருக்கு இருப்பது முதுகலை ஆசிரியர் என்ற ஒரே வழி.

அதே மகள் பி.ஏ. ஆங்கிலமோ பி.ஏ. வரலாறோ சேர்ந்திருந்தால்? பிளஸ் 2-வில் எந்தப் பிரிவு படித்தவரும் இவற்றில் சேரலாம். பட்டம் 3 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு. ஐந்தாவது ஆண்டு முடிவில் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதித் தேறி, பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்குப் போகலாம். பிறகு அதே பாடத்தில் எம்.ஏ. முடித்தால் முதுகலை ஆசிரியர் வழியும் திறக்கும்.

இந்த 2 ஆண்டு வித்தியாசம் நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. பெண் பிள்ளைகள் பலருக்குப் பட்டம் முடித்த கையோடு நிக்காஹ் நடந்துவிடுகிறது. அதன் பிறகு இன்னும் 4 ஆண்டு படித்தால்தான் வேலைக்குத் தகுதி என்றால், பலரால் தொடர முடிவதில்லை. பி.காம். பட்டத்தோடு படிப்பு நின்றால் ஆசிரியர் வேலை என்ற எண்ணமும் அங்கேயே நின்றுவிடும்.

பட்டத்தின் பெயர்

இரண்டாவது விஷயம் இன்னும் நுணுக்கமானது. இன்று கல்லூரிகளில் வெறும் கணிதம், வெறும் வேதியியல் என்ற பெயர்களோடு "கணிதமும் கணினிப் பயன்பாடும்" போன்ற கலப்புப் பெயர்களிலும் பட்டங்கள் உள்ளன. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று தனிப் பட்டங்களும் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கூடுதல் மதிப்பு என்று நினைத்துச் சேர்க்கிறோம்.

பணி அறிவிப்பில் "கணிதம்" என்று இருக்கும்போது, சான்றிதழில் வேறு பெயர் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு ஓர் ஆணை வேண்டும். அதற்குப் பெயர் இணைத்தன்மை அரசாணை. ஒரு பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது என்று அதற்கான குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். உயர்கல்வித் துறை அதை அரசாணையாக வெளியிடும். ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அப்படி ஆணை இருக்கிறது என்பதால், அதே பெயரில் இன்னொரு பல்கலைக்கழகம் தரும் பட்டத்துக்கும் அது தானாகப் பொருந்திவிடாது.

இதில் பலர் ஏமாறும் இடம் பி.எட். சேர்க்கை. பயன்பாட்டு அறிவியல் பட்டங்கள் சிலவற்றை பி.எட். சேர்க்கைக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். "பி.எட்.டுக்கே எடுத்துக்கொண்டார்களே, வேலைக்கு எடுக்காமலா போவார்கள்?" என்று நாம் நினைத்துவிடுகிறோம். சேர்க்கை விதி வேறு, பணி நியமன விதி வேறு. பி.எட். வகுப்பில் கிடைத்த இடம், வேலைக்கான தகுதிச் சான்று ஆகாது.

கலப்புப் பெயர் கொண்ட கணிதப் பட்டம் பெற்ற ஒருவருக்கு எப்படி நடக்கும் என்று பாருங்கள். பி.எட். முடிக்கிறார், தகுதித் தேர்வில் தேறுகிறார். வாரியத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பாடம் என்ற இடத்தில் கணிதம் என்று குறிப்பிடுகிறார். விண்ணப்பம் ஏற்கப்படுகிறது, தேர்வு எழுதுகிறார், நல்ல மதிப்பெண்ணும் வருகிறது. கடைசியாகச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கேதான் முதல் முறையாக ஓர் அலுவலர் பட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு, "இதற்கு இணைத்தன்மை ஆணை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். கையில் இருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் அத்தனை உழைப்பும் அந்த மேசையோடு முடிந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் தகுதி உள்ளவர்களுக்குள்தான் கணக்கிடப்படும். தகுதியில்லை என்று விலக்கப்பட்டவருக்கு அது உதவாது.

பாடம் மாறிய முதுகலை

மூன்றாவது, பாடம் மாறிப் படிக்கும் முதுகலை. இதை கிராஸ் மேஜர் என்பார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது அரசாணைப்படி இணையான பாடத்தில் இருக்க வேண்டும்.

பி.ஏ. வரலாறு முடித்த ஒருவர், ஆங்கிலத்துக்கு மதிப்பு அதிகம் என்று தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கிறார். அவருடைய பி.எட். வரலாற்றை வைத்துத்தான் கிடைக்கும். ஆங்கில முதுகலை ஆசிரியராக முடியாது, இளங்கலை வரலாறு. வரலாற்று முதுகலை ஆசிரியராகவும் முடியாது, முதுகலை ஆங்கிலம். பட்டதாரி ஆசிரியர் வரலாறு என்ற ஒரு வழி மட்டும் மிஞ்சும். அந்த 2 ஆண்டை எம்.ஏ. வரலாற்றுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு வழியும் இருந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரே ஆண்டில் முடிக்கும் கூடுதல் இளங்கலைப் பட்டத்தைச் சிலர் நாடினார்கள். அது 3 ஆண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. குறுக்குவழியில் இன்னும் ஓர் ஆண்டை இழக்க வேண்டாம்.

சேருவதற்கு முன் செய்ய வேண்டியது

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் பழைய அறிவிப்புகள் கிடைக்கும். கடைசியாக வந்த பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் அறிவிப்புகளை எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். சேர நினைக்கும் பட்டத்தின் முழுப் பெயர் அப்படியே அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை.

இல்லையென்றால் கல்லூரியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா? எண்ணும் தேதியும் கொடுங்கள்." "எல்லாம் ஒன்றுதான், எங்கள் பழைய மாணவிகள் வேலையில் இருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. தனியார் பள்ளியில் வேலையில் இருக்கலாம், அது வேறு கணக்கு. எண் கிடைத்தால், ஆணையில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் என்ன செய்வது? முதலாம் ஆண்டின் தொடக்கம் என்றால், அதே கல்லூரியில் நேரடிப் பாடத்துக்கு மாற இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். படிப்பு பாதியைத் தாண்டிவிட்டால், இணைத்தன்மை ஆணை பெறுவதற்கான முயற்சியைக் கல்லூரி, பல்கலைக்கழகம் வழியாக இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த தேதிக்குப் பிறகு வெளியாகும் ஆணை அந்தத் தேர்வுக்கு உதவாமல் போகலாம். ஆகவே பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

ஊர்களில் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகின்றன. அடுத்த முறை நடத்தும்போது, வாரியத்தின் கடைசி அறிவிப்பில் உள்ள கல்வித் தகுதிப் பக்கத்தைச் சில நகல்கள் எடுத்து மேசையில் வையுங்கள். பக்கத்துக் கல்லூரிகளின் பட்டப் பெயர்களை அதோடு ஒப்பிட்டு, நேரடியாகப் பொருந்துபவை எவை, அரசாணை கேட்க வேண்டியவை எவை என்று பெற்றோருக்குக் காட்டினால், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் கேட்கப்படும் கேள்விக்கு ஆறேழு ஆண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிடும்.