பரிந்துரைக் கடிதத்தில் குறையை எழுதுவது எப்படி?

பழைய ஊழியரைப் பற்றிக் கவனமில்லாமல் தவறாக எழுதி அவருக்கு நஷ்டம் வந்தால், எழுதிய நிறுவனம் பொறுப்பேற்க நேரிடும் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1994-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கே பல நிறுவனங்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கின்றன. நன்றாக உழைத்தவருக்கு இது பெரிய இழப்பு.

மூன்று ஆண்டுகள் வேலைபார்த்த ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் பிழையே வராது. ஆனால் மாத அறிக்கை அடிக்கடி தாமதமாகும். "பொறுப்பில்லாதவர்" என்று எழுதினால் அது வெறும் அபிப்பிராயம், நிரூபிக்க முடியாது. தாமதத்தை மறைத்து "எல்லாவற்றிலும் சிறந்தவர்" என்றால் புதிய முதலாளியை ஏமாற்றியதாகும். நான் இப்படி எழுதுவேன்: "வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் மிகத் துல்லியமானவர். கடைசி ஆண்டின் 12 மாத அறிக்கைகளில் 4 தாமதமாக வந்தன. இதை அவரிடம் பேசினோம். அதன்பின் வந்த இரண்டும் குறித்த நாளில் கிடைத்தன."

அந்த நான்கும் கோப்பில் பதிவாகியிருக்க வேண்டும். வேலையில் இருந்தபோது அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லாத குறையைக் கடிதத்தில் முதன்முதலாக எழுதுவது அநியாயம். தாமதத்துக்கு வீட்டுச் சூழலோ உடல்நிலையோ காரணம் என்று நாமாக ஊகித்து எழுதவும் கூடாது.