விளைந்தது உரத்தாலா, தலைமடையாலா?

நெல் வயலில் விளைச்சலை மதிப்பிட ஒரு பழைய வழி உண்டு. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். அந்தச் சதுரத்தில் ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 162 கிலோ கூடியதாகக் கணக்கு.

அப்படி 15 சதுரங்களில் அறுத்ததாக ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். காகிதத்திலேயே போட்டுப் பார்க்க வசதியாக எடைகள் முழு எண்களாக அமைக்கப்பட்டவை. தொழு உரம் மட்டும் போட்ட இடத்தில் கிடைத்தது 12, 14, 13, 14, 12 கிலோ. யூரியா மட்டும் போட்ட இடத்தில் 14, 13, 14, 15, 14. இரண்டையும் கலந்து போட்ட இடத்தில் 14, 15, 14, 17, 15. சராசரிகள் முறையே 13, 14, 15.

கலவைதான் முதலிடம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் தொழு உரத்தில் நன்றாக விளைந்த சதுரமும் 14 கிலோ, கலவையில் குறைவாக விளைந்த சதுரமும் 14 கிலோ. ஒரே உரம் போட்ட ஐந்து சதுரங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோ ஏற்ற இறக்கம் இருக்கும்போது, சராசரிகளுக்கு இடையே உள்ள ஒரு கிலோ, இரண்டு கிலோவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கேள்விக்கான கணக்கு ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில்தான் உருவானது. லண்டனுக்கு வடக்கே உள்ள ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதலே உரச் சோதனைகள் நடந்துவந்தன. பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்த விளைச்சல் பதிவேடுகளை ஆராய 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணிதவியலாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் உருவாக்கிய முறைக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று பெயர். விவசாயக் கல்லூரிகளில் சுருக்கமாக அனோவா என்பார்கள். ஒரே ஒரு காரணியை, இங்கே உரத்தை, மட்டும் வைத்துப் பிரித்துப் பார்த்தால் அது ஒருவழி அனோவா.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு சதுரமும் தன் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். தொழு உரத்துக்கு 4, யூரியாவுக்கு 2, கலவைக்கு 6. மொத்தம் 12. இதை எதால் வகுப்பது? ஐந்து எடைகளின் சராசரி தெரிந்துவிட்டால் நான்கு எடைகள் போதும், ஐந்தாவது தானாக வந்துவிடும். ஆக ஒரு குழுவுக்கு நான்கு வீதம் மூன்று குழுக்களுக்கு 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் 1. உரம் ஒன்றாகவே இருந்தாலும் இடத்துக்கு இடம் விளைச்சல் எவ்வளவு ஆடும் என்பதற்கான அளவுகோல் இந்த 1.

அடுத்தது குழுக்களுக்கு இடையிலான கணக்கு. மொத்தச் சராசரி 14. அதிலிருந்து மூன்று சராசரிகளும் விலகியிருப்பது 1, 0, 1. வர்க்கங்களின் கூட்டல் 2. ஒவ்வொரு சராசரிக்குப் பின்னாலும் ஐந்து சதுரங்கள் இருப்பதால் ஐந்தால் பெருக்கினால் 10. மூன்று சராசரிகளில் இரண்டு மட்டுமே சுதந்திரமானவை என்பதால் இரண்டால் வகுத்தால் 5. இந்த 5ஐ முந்தைய 1ஆல் வகுத்தால் கிடைப்பது 5. இதற்கு எஃப் விகிதம் என்று பெயர். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜார்ஜ் ஸ்னெடிகார் 1934இல் ஃபிஷரின் முதலெழுத்தையே இதற்குச் சூட்டினார்.

உரத்தால் எந்த வித்தியாசமும் இல்லையென்றால், மேலே வந்த எண்ணும் கீழே வந்த எண்ணும் வயலின் இயல்பான ஆட்டத்தையே அளந்திருக்கும். விகிதம் ஒன்றை ஒட்டி நிற்கும். ஒன்றைத் தாண்டி எவ்வளவு தூரம் போனால் சந்தேகப்படலாம் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. இந்த அளவுள்ள சோதனைக்கு அது தரும் எல்லை 3.89. நமக்கு வந்ததோ 5. உரங்கள் மூன்றும் ஒன்றுபோல வேலை செய்திருந்தால், இவ்வளவு பெரிய விகிதம் தற்செயலாக வருவது ஆயிரத்துக்கு 26 தடவைதான். வழக்கமாக வைக்கும் வரம்பு ஆயிரத்துக்கு 50, அதாவது ஐந்து சதவீதம். ஆகவே முடிவு ‘சிக்னிஃபிகன்ட்’.

இந்தச் சொல்லில்தான் வினை தொடங்குகிறது. தமிழில் இதை ‘முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று எழுதினால் குழப்பம் இரட்டிப்பாகும். கணக்கு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மூன்று சராசரிகளும் சமம் என்ற எண்ணத்தோடு இந்த எடைகள் ஒத்துப்போகவில்லை. உரங்கள் சமமாக இருக்க 2.6 சதவீத வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. சமம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

எந்த உரம் எதைவிட மேல் என்றும் அது சொல்லவில்லை. அதற்கு இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். மூன்று ஜோடிகளையும் தனித்தனியே ஐந்து சதவீத வரம்பில் சோதித்தால், எங்காவது ஓரிடத்தில் பொய்யான வித்தியாசம் தட்டுப்படும் வாய்ப்பு 12 சதவீதம் அளவுக்கு ஏறிவிடும். அதைத் தடுக்க ஜான் டூக்கி வகுத்த முறைப்படி பார்த்தால், இந்தச் சோதனையில் இரண்டு சராசரிகளுக்கு இடையே குறைந்தது 1.69 கிலோ இடைவெளி இருக்க வேண்டும்.

கலவைக்கும் தொழு உரத்துக்கும் இடைவெளி 2 கிலோ; அது தேறிவிடுகிறது. கலவைக்கும் யூரியாவுக்கும் ஒரு கிலோதான். யூரியாவுக்கும் தொழு உரத்துக்கும் ஒரு கிலோதான். இரண்டுமே தேறவில்லை. ஏற்கெனவே யூரியா போட்டுக்கொண்டிருக்கும் விவசாயியிடம் போய், ‘கலவைக்கு மாறுங்கள், சோதனையில் நிரூபணமாகிவிட்டது’ என்று இந்த முடிவை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் சமம் என்றும் சொல்ல முடியாது. பிரித்துக் காட்டும் அளவுக்குச் சதுரங்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

தேறிய அந்த ஒரு ஜோடியிலும் லாபம் எவ்வளவு? இரண்டு கிலோ என்பது ஏக்கருக்கு 324 கிலோ. ஆனால் அதே 1.69ஐ இருபக்கமும் கூட்டிக் கழித்தால், உண்மையான வித்தியாசம் 50 கிலோவாகவும் இருக்கலாம், 600 கிலோவாகவும் இருக்கலாம். கலவைக்கு ஆகும் கூடுதல் செலவு 200 கிலோ நெல்லின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முனையில் நஷ்டம், மறு முனையில் நல்ல லாபம்.

இவ்வளவு நேரமும் ஒரு விஷயம் பேசப்படவே இல்லை. அந்த 15 சதுரங்கள் வயலில் எங்கே இருந்தன?

இரண்டு விதமாக நடந்திருக்கலாம். முதலாவதில், நிலத்தை வரப்புக் கட்டி 15 பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அறுவடையில் பாத்திக்கு ஒரு சதுரம் அறுத்தார்கள். இரண்டாவதில், நிலத்தில் மூன்றே பெரிய பாத்திகள். வாய்க்காலை ஒட்டிய தலைமடைப் பாத்தியில் கலவை, நடுவில் யூரியா, கடைமடையில் தொழு உரம். ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்தில் கயிறு கட்டி அறுத்தார்கள். இரண்டு இடத்திலும் கிடைத்தது இதே 15 எடைகள் என்றால், எஃப் விகிதம் இரண்டுக்கும் அதே 5, அதே ஆயிரத்துக்கு 26.

ஆனால் இரண்டாவது வயலில் கலவை போட்ட இடமெல்லாம் தண்ணீர் முதலில் பாயும் இடம். வண்டல் படிவதும் அங்கேதான். அங்கே விளைச்சல் கூடியது உரத்தாலா, தண்ணீராலா, மண்ணாலா என்று அந்த எடைகளிலிருந்து பிரிக்க வழியே இல்லை. கீழே வகுத்த அந்த 1 இங்கே அளந்தது ஒரே பாத்திக்குள் இடத்துக்கு இடம் உள்ள ஆட்டத்தை. பாத்திக்குப் பாத்தி உள்ள ஆட்டத்தை அது தொடவே இல்லை. முடிவு ‘சிக்னிஃபிகன்ட்’ என்பது உண்மை. ஆனால் அது மூன்று பாத்திகள் வேறு வேறு என்று மட்டுமே சொல்கிறது, உரங்களைப் பற்றிப் பேசவில்லை.

சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பிழைக்குப் பெயர் சூட்டினார். தமிழில் போலி மறுபதிவு எனலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: உரம் தனித்தனியாக எத்தனை இடத்தில் போடப்பட்டது? பதில் மூன்று என்றால், கையில் இருப்பவை மூன்றே எண்கள்: 13, 14, 15. குழுவுக்கு ஒரே எண்தான் என்பதால் குழுவுக்குள் விலகல் என்று ஒன்றைக் கணக்கிடவே முடியாது. விகிதத்துக்குக் கீழ்ப்பகுதி இல்லை.

ஃபிஷரின் காலடியிலேயே இந்தச் சிக்கல் கிடந்தது. ராதம்ஸ்டெட்டின் புகழ்பெற்ற பிராட்பாக் கோதுமை வயல் நீளநீளமான கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, கீற்றுக்கு ஓர் உரம் என்ற ஏற்பாட்டில் 1843 முதல் நடந்துவந்தது. 1923இல் வினிஃப்ரெட் மெக்கென்சியோடு சேர்ந்து அவர் அலசிய உருளைக்கிழங்குச் சோதனையிலோ, நிலத்தின் ஒரு பாதி முழுக்கத் தொழு உரம், மறுபாதிக்கு இல்லை. பாதிகளைப் பாத்திகளாகப் பிரித்து 12 ரகங்களை நட்டு, ஒவ்வொரு பாத்திக்குள்ளும் வரிசைக்கு வரிசை பொட்டாஷ் உரத்தை மாற்றியிருந்தார்கள். பாதி நிலம், பாத்தி, வரிசை என்று மூன்று நிலைகளில் ஆட்டம் இருக்க, அந்தக் கட்டுரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தன் புத்தகத்தில் ஃபிஷர் பாத்திக்கும் வரிசைக்கும் அளவுகோல்களைப் பிரித்து அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டார். வயலில் உரத்தைக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்க வேண்டும் என்ற வாதத்தை 1926இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

குலுக்கலிலும் ஒரு சங்கடம் உண்டு. 15 சீட்டுகளைக் குலுக்கும்போது கலவைச் சீட்டு ஐந்தில் நான்கு தலைமடைக்கே விழுந்துவிடலாம். அதனால் தலைமடையிலிருந்து கடைமடை வரை நிலத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு மூன்று பாத்திகள் வீதம் வரப்புக் கட்டுவார்கள். யூரியா கரைந்த தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குள் கசிந்தால் சோதனையே கெட்டுவிடும் என்பதால் வரப்பு பலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று உரங்களும் ஒரு தடவை வரும். எந்தப் பாத்திக்கு எது என்பதற்கு மட்டும் பட்டைக்குள் சீட்டு. அப்படி நட்டால் கணக்கு ஒருவழியாக நிற்காது. பட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தனியாகக் கழித்துவிட்டு மிச்சத்தை 12ஆல் அல்ல, 8ஆல் வகுக்க வேண்டும்.