பாலுக்கு எப்போது உறை ஊற்றுவது?

காய்ச்சி இறக்கிய பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உறை ஊற்றினால், மோரிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். முழுக்க ஆறவிட்டு ஊற்றினால் தயிர் உறைய வெகுநேரம் எடுக்கும். விரலை விட்டால் சூடு பொறுக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். வெப்பமானி வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ். அடுப்பிலிருந்து இறக்கியபின் அந்த 42-ஐ எட்ட எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத் தொட்டுப் பார்க்காமலே சொல்ல முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் வரும் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்று போதும். அதோடு இரண்டே இரண்டு அளவுகள் வேண்டும். அந்த இரண்டுக்கும் வேலை வேறு வேறு. அதைப் பிரித்தறிந்துவிட்டால் கணக்கில் தடுமாற இடமில்லை.

அடுக்களையின் வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பாலின் வெப்பநிலையை T என்றும், இறக்கியதிலிருந்து கழிந்த நிமிடங்களை t என்றும் எழுதுவோம். பால் ஆறும் வேகம், பாலுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு. இதுதான் நியூட்டனின் குளிர்வு விதி. 1701-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தன் பெயரைப் போடாமலே நியூட்டன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அதைச் சமன்பாடாக எழுதினால்:

dT/dt = -k(T - 30)

k என்பது பாத்திரத்தையும் பாலின் அளவையும் பொறுத்த ஒரு மிகை எண். அகலமான உருளியில் ஊற்றி வைத்தால் k பெரியது, மூடிய தூக்குவாளியில் சிறியது. குறைக்குறி எதற்கு? T முப்பதைவிட அதிகமாக இருக்கும்போது வெப்பநிலை இறங்க வேண்டும் என்பதற்காக. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை வெளியே வைத்தால் அடைப்புக்குள் இருப்பது குறை எண்ணாகும், வெப்பநிலை தானாக ஏறும். இரண்டு நிலைக்கும் இதே சமன்பாடு.

இந்தச் சமன்பாட்டில் நமக்கு வேண்டியது T. ஆனால் T-யின் மாறுவீதம், T-யை வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தை அப்படியே t-ஐக் கொண்டு தொகையிட முடியாது, ஏனென்றால் T எப்படி மாறுகிறது என்பது இன்னும் தெரியாது. இங்கேதான் மாறிகளைப் பிரிக்கும் உத்தி வருகிறது. T இருப்பதையெல்லாம் ஒரு பக்கம், t இருப்பதையெல்லாம் மறுபக்கம் கொண்டுபோகலாம்:

dT/(T - 30) = -k dt

dT-யையும் dt-யையும் பின்னத்தின் மேல்கீழ் எண்களைப் போலப் பிரிப்பது சரிதானா என்று பல மாணவர்களுக்கு உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். உண்மையில் நடப்பது இது: இரு பக்கமும் (T - 30)-ஆல் வகுத்தால், இடப்பக்கத்தில் (1/(T - 30)) × dT/dt கிடைக்கும். சங்கிலி விதிப்படி அது ln|T - 30| என்பதன் வகைக்கெழு, t-ஐப் பொறுத்து. ஆக, ln|T - 30|-இன் மாறுவீதம் -k என்ற நிலையான எண். dT, dt என்று பிரித்து எழுதுவது இதே விஷயத்தைச் சுருக்கி எழுதும் வழி, அவ்வளவுதான்.

இரு பக்கமும் தொகையிட்டால்:

ln|T - 30| = -kt + C

C இந்த வரியிலேயே வந்தாக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாறிலி தேவையில்லை. இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் அது மறுபடி ஒரே மாறிலிதான். இப்போது மடக்கையை நீக்கினால்:

T - 30 = A e^(-kt)

e^C என்பதையும், மட்டுமதிப்பிலிருந்து வரும் குறியையும் சேர்த்து A என்று பெயரிட்டிருக்கிறோம். நாம் (T - 30)-ஆல் வகுத்தபோது, பால் ஏற்கெனவே 30 டிகிரியில் இருக்கும் நிலையைச் சத்தமில்லாமல் விலக்கிவிட்டோம், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே. A-க்குப் பூஜ்ஜியத்தையும் அனுமதித்தால் அந்தத் தீர்வும் திரும்பி வந்துவிடும்: அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும் பால், அப்படியே இருக்கும்.

இப்போது நம்மிடம் இருப்பது ஒரு வளைகோடு அல்ல, வளைகோடுகளின் குடும்பம். 90-இல் தொடங்கும் பால், 60-இல் தொடங்கும் பால், 5-இல் தொடங்கும் பால் எல்லாம் இதற்குள் அடக்கம். நம் பால் எது என்று சொல்வதுதான் தொடக்க நிபந்தனை. இறக்கியபோது, அதாவது t = 0 என்கையில், T = 90 என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்தைப் போட்டால் e^0 = 1, ஆகவே A = 90 - 30 = 60. A என்பது தொடக்கத்தில் பாலுக்கும் அறைக்கும் இருந்த வித்தியாசம்.

T = 30 + 60 e^(-kt)

பலர் இங்கே கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். k இன்னும் தெரியாது. தொடக்க நிபந்தனை A-யை மட்டும் தரும். k அந்தப் பாத்திரத்தின் குணம், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நேரத்தில் இன்னோர் அளவு வேண்டும். பத்தாவது நிமிடத்தில் வெப்பமானி 75 காட்டியது என்று கொள்வோம். அப்போது 45 = 60 e^(-10k), அதாவது e^(-10k) = 0.75. மடக்கை எடுத்தால் k = ln(4/3)/10, ஏறத்தாழ நிமிடத்துக்கு 0.0288.

இனி கேள்விக்கு விடை. T = 42 ஆகும்போது வித்தியாசம் 12. 12 = 60 e^(-kt) என்றால் e^(-kt) = 1/5, t = ln 5 / k, அதாவது 1.609-ஐ 0.0288-ஆல் வகுத்தது. ஏறத்தாழ 56 நிமிடம். மடக்கை தெரியாதவர்களும் சரிபார்க்க ஒரு வழி உண்டு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வித்தியாசம் முக்கால் பங்காகிறது. 60, 45, 33.75, 25.3, 19, 14.2, 10.7 என்று போனால், 12 என்பது ஐம்பதாவது நிமிடத்துக்கும் அறுபதாவது நிமிடத்துக்கும் நடுவில் விழுகிறது. விடை பொருந்துகிறது.

விடை தவறாக வரும்போது அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நீண்ட நேரத்துக்குப் பிந்தைய நடத்தைதான். மடக்கையை நீக்கிய பிறகு C நினைவுக்கு வந்து, கடைசியில் ஒட்டவைத்தால் T - 30 = e^(-kt) + C என்று ஆகும். தொடக்க நிபந்தனையைப் போட்டால் C = 59. நேரம் போகப் போக e^(-kt) மறைய, T 89-இல் நின்றுவிடும். இரவு முழுக்க வெளியே வைத்த பால் 89 டிகிரியிலேயே இருக்குமாம்! இன்னொரு பிழை இதைவிட நைச்சியமானது: அறையின் 30-ஐ மறந்து, T-யையே விகிதமாக எடுத்து 75/90 என்று போடுவது. அப்படிப் போட்டால் 42 டிகிரிக்கு ஏறத்தாழ 42 நிமிடம் என்று வரும். பார்ப்பதற்கு நம்பக்கூடிய எண்தான். ஆனால் அந்தச் சூத்திரம் பாலை 0 டிகிரி வரை இறக்கிக்கொண்டே போகும். எந்தத் தீர்வாக இருந்தாலும் t-ஐ மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். அறையின் வெப்பநிலை வரவில்லையென்றால் மேலே எங்கோ பிழை.

கடிகாரத்தை எப்போது தொடங்கினோம் என்பது பெரிய விஷயமில்லை. பத்தாவது நிமிடத்தை t = 0 என்று எடுத்திருந்தால் A = 45 ஆகியிருக்கும், விடை 46 நிமிடம் என்று வந்திருக்கும். விட்டுப்போன பத்தைக் கூட்டினால் அதே 56.

உறை ஊற்றிய பிறகு நுண்ணுயிர்கள் பெருகுவதற்கும் இதே வழிதான். எண்ணிக்கை P என்றால் dP/dt = kP; பிரித்துத் தொகையிட்டு, தொடக்க எண்ணிக்கை P0-ஐப் போட்டால் P = P0 e^(kt). சுற்றுப்புறம் பூஜ்ஜியம், குறைக்குறி இல்லை என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. ஆனால் பால் புளிக்கப் புளிக்கப் பெருக்கம் தளர்ந்துவிடும், ஆகவே இது ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். எண்ணிக்கையின் உச்சவரம்பை M என்று கொண்டு, அந்தத் தளர்வைச் சேர்த்து dP/dt = kP(1 - P/M) என்று எழுதினாலும் மாறிகளைப் பிரிக்கலாம்; தொகையிடப் பகுதிப் பின்னங்கள் தேவைப்படும்.

பாலுக்கே திரும்புவோம், ஏனென்றால் 56 நிமிடம் என்ற விடையை எவ்வளவு நம்பலாம் என்பது பாக்கி இருக்கிறது. தொகையிட்டதில் தவறில்லை. சந்தேகப்பட வேண்டியது முதல் வரியைத்தான். விசிறிக் காற்று சீராக அடிக்கும் இடத்தில் நியூட்டனின் விதி நன்றாகப் பொருந்தும். காற்றசைவு இல்லாத அறையில், சூடான காற்று தானாகவே மேலே எழும்பிப் பாத்திரத்தைக் குளிர்விக்கிறது. வித்தியாசம் அதிகமானால் அந்தக் காற்றோட்டமும் வலுக்கிறது. 1817-இல் பிரான்ஸின் துலோங், பெத்தி இருவரும், வித்தியாசம் பெரிதாகும்போது குளிர்வு நியூட்டன் விதியைவிட வேகமாக நடக்கிறது என்று சோதனைகளில் காட்டினார்கள். இப்படித் தானாக எழும் காற்றோட்டத்துக்கு வித்தியாசத்தின் 5/4 அடுக்கை எடுத்துக்கொள்வது இன்றைய வழக்கம். வித்தியாசத்தை u என்று எழுதினால் du/dt = -k u^(5/4). இதுவும் பிரிக்கத்தக்கதே. ஆனால் தொகையிட்டால் மடக்கை வராது, அடுக்குதான் வரும்:

u^(-1/4) = 60^(-1/4) + kt/4

தொடக்க நிபந்தனை அதே 60, பத்தாவது நிமிட அளவும் அதே 45. k மட்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும். u = 12 ஆவதற்கு இப்போது ஏறத்தாழ 66 நிமிடம் வருகிறது, முன்னதைவிடப் பத்து நிமிடம் அதிகம். இரண்டு அளவுகளையும் இரண்டு விதிகளும் அச்சுப்பிசகாமல் ஏற்றுக்கொள்கின்றன. வேறுபாடு பிறகுதான் தெரியும். நாற்பதாவது நிமிடத்தில் முதல் விதி 49 டிகிரி என்கிறது, இரண்டாவது 51 என்கிறது. நல்ல வெப்பமானிக்கு இந்த 2 டிகிரி எட்டும். ஆகவே விதியைச் சோதிக்க மூன்றாவதாக ஓர் அளவு வேண்டும், அதையும் தாமதமாக எடுக்க வேண்டும். ln(T - 30)-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் நியூட்டன் விதி போதும், கோடு வர வரத் தட்டையானால் போதாது. திறந்த பாத்திரத்தில் ஆவி பறக்கும் முதல் சில நிமிடங்களிலும் கோடு செங்குத்தாகவே இறங்கும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு, ஆவி அடங்கிய பின் t = 0 என்று தொடங்குவது நல்லது.

அறையின் வெப்பநிலையே நிலையாக இல்லாவிட்டால் மட்டும் இந்த வழி நின்றுபோகும். மாலை இறங்க இறங்க அடுக்களையும் குளிர்கிறது என்றால், 30 இருந்த இடத்தில் t-ஐச் சார்ந்த ஒரு கோவை வந்துவிடும். (T - 30) என்பதில் T மட்டும் இருந்ததால்தான் அதை இடப்பக்கம் கொண்டுபோக முடிந்தது. இப்போது T-யும் t-யும் ஒரே அடைப்புக்குள் கழித்தலால் பிணைந்திருக்கின்றன, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும். அதற்கு நேரியல் சமன்பாடுகளுக்கான வேறு முறை இருக்கிறது: இரு பக்கமும் e^(kt)-ஆல் பெருக்கிவிட்டுத் தொகையிட வேண்டும்.